வட்டி எப்போது அசலாக மாறுகிறது?

"நூற்றுக்கு இரண்டு வட்டி" என்று பேசி, புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு ஒருவர் 1 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பதுதான் இதன் பொருள். 1 லட்சத்துக்கு மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. ஆண்டு வட்டி விகிதமாகச் சொன்னால் 24 சதவீதம். மூன்று ஆண்டுகள் ஒரு பைசாகூடக் கட்டாமல் விட்டால் வட்டி 72,000 சேர்ந்திருக்கும். அசலும் வட்டியுமாக 1,72,000. இதுவரை நடந்தது தனி வட்டி. முதல் மாதமும் 2,000, முப்பத்தாறாவது மாதமும் 2,000. வட்டி எவ்வளவு நிலுவையில் நின்றாலும் அதற்குத் தனியாக வட்டி போடப்படவில்லை.

மூன்றாம் ஆண்டு முடியும் தருவாயில் கடன் கொடுத்தவர் வந்து, "நோட்டை மாற்றி எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். அதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. புரோநோட்டை வைத்துப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் புது நோட்டு எழுதாவிட்டால் அவர் கையில் இருப்பது வெறும் காகிதமாகிவிடலாம். அதனால் பழைய நோட்டைக் கிழித்துவிட்டுப் புது நோட்டு எழுதுகிறார்கள். அதில் கடன் தொகை என்ற இடத்தில் எழுதப்படுவது 1 லட்சம் அல்ல, 1,72,000. வட்டி விகிதம் மாறவில்லை, அதே இரண்டு வட்டிதான். ஆனால் இனி மாத வட்டி 2,000 அல்ல, 3,440. மேலும் மூன்று ஆண்டுகள் போனால் மொத்தம் 2,95,840. இன்னொரு முறை மாற்றி எழுதி ஒன்பதாம் ஆண்டை எட்டினால் 5,08,845. முதல் நோட்டே ஒன்பது ஆண்டும் அப்படியே ஓடியிருந்தால் 3,16,000தான் வந்திருக்கும்.

கூட்டு வட்டி என்பது இவ்வளவுதான். நேற்றுவரை வட்டி என்ற பெயரில் இருந்த 72,000 ரூபாய், நோட்டை மாற்றி எழுதிய நொடியில் அசல் என்ற பெயரைப் பெற்றது. அன்றிலிருந்து அதற்கும் வட்டி ஓடுகிறது. ஆகவே எந்தக் கடனையும், எந்தச் சேமிப்பையும் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி "வட்டி எத்தனை சதவீதம்?" என்பதோடு முடிவதில்லை. வட்டி எப்போது அசலோடு சேர்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வங்கியும் அஞ்சலகமும் நோட்டு மாற்றும் நாள்

வங்கி ஃபிக்சட் டெபாசிட்டில் வட்டியை எடுக்காமல் முதிர்வு வரை விட்டுவைக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால், வங்கிகள் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்க்கின்றன. ஆண்டுக்கு நான்கு முறை நோட்டை மாற்றி எழுதுவது போல. அதனால் 7 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் 1 லட்சம் ஓராண்டில் 1,07,186 ஆகிறது. அந்தக் கூடுதல் 186 ரூபாய், வருடத்துக்குள்ளேயே வட்டிக்குக் கிடைத்த வட்டி.

அஞ்சலகத்தின் தேசிய சேமிப்புப் பத்திரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை சேர்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 7.7 சதவீதமாக்கப்பட்டது. அந்த விகிதத்தில் 1 லட்சம் ஐந்து ஆண்டில் 1,44,903 ஆகும். தனி வட்டியாக இருந்தால் 1,38,500.

அதே அஞ்சலகத்தில் உள்ள மாதாந்திர வருமானத் திட்டம் வேறு மாதிரி. வட்டியை மாதாமாதம் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அசல் கடைசிவரை அசையாது. மாதச் செலவுக்கு வட்டி வேண்டும் என்பவருக்கு இது பொருத்தமானது. ஆனால் இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "இப்போது தேவையில்லை, அங்கேயே கிடக்கட்டும், சேர்ந்து வளரும்" என்று நினைத்து வட்டியை வாங்காமல் விட்டுவிடுவார்கள். வாங்காமல் விட்ட அந்த வட்டிக்கு மேல்வட்டி கிடையாது என்பதுதான் அந்தத் திட்டத்தின் விதி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் அப்படியே. வளர வேண்டும் என்றால் அந்தத் தொகையைச் சேமிப்புக் கணக்குக்கு வரவு வைக்கச் சொல்லி, அங்கிருந்து தொடர் வைப்பு போன்ற இன்னொரு கணக்குக்கு அனுப்ப வேண்டும்.

முதல் பத்தாண்டில் ஒன்றும் தெரியாது

இனி ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு நீண்ட காலத்துக்குப் பார்ப்போம். பிபிஎஃப் எனப்படும் பொது சேமநல நிதி அதற்கு வசதியானது. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 அன்று, அசலில் சேர்கிறது. வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதால் இடையில் எதையும் கழிக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் இதன் வட்டி 7.1 சதவீதமாக்கப்பட்டது, அதையே எல்லாக் கணக்குக்கும் வைத்துக்கொள்வோம்.

1 லட்சம் ரூபாய்க்கு முதல் ஆண்டில் 7,100 வட்டி. தனி வட்டியானாலும் கூட்டு வட்டியானாலும் இதில் மாற்றமில்லை. இரண்டாம் ஆண்டில் தனி வட்டி மறுபடி 7,100. கூட்டு வட்டியில் 7,604 ரூபாய் 10 காசு. கூடுதலாக வந்த 504 ரூபாய் 10 காசு, சென்ற ஆண்டின் 7,100 ரூபாய் ஈட்டிக் கொடுத்தது. ஒரு லட்சம் போட்டவருக்கு ஐந்நூறு ரூபாய் பெரிய விஷயமாகத் தெரியாது. அதனால்தான் தொடக்கத்தில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை.

| ஆண்டுகள் | தனி வட்டியில் மொத்தம் | கூட்டு வட்டியில் மொத்தம் |
|---|---|---|
| 10 | 1,71,000 | 1,98,561 |
| 20 | 2,42,000 | 3,94,266 |
| 30 | 3,13,000 | 7,82,860 |
| 40 | 3,84,000 | 15,54,457 |

தனி வட்டி வரிசையில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் 71,000 கூடுகிறது. கூட்டு வட்டி வரிசையில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஒன்று கூட்டல், மற்றது பெருக்கல். இரட்டிப்பு என்பது எதை இரட்டிப்பாக்குகிறது என்பதைப் பொறுத்தது. முதல் பத்தாண்டில் 1 லட்சம் 2 லட்சமாகும்போது கிடைப்பது ஒரு லட்சத்துக்கும் குறைவு. நான்காம் பத்தாண்டில் 7.8 லட்சம் 15.5 லட்சமாகும்போது கிடைப்பது 7.7 லட்சம். அதே வட்டி விகிதம், அதே பத்து ஆண்டு. நாற்பதாவது ஆண்டில் மட்டும் வரும் வட்டி 1,03,050 ரூபாய், அதாவது தொடக்கத்தில் போட்ட முழு அசலையும் விட அதிகம்.

எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று மனக்கணக்காகப் பார்க்க 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 72ஐ 7.1ஆல் வகுத்தால் 10 ஆண்டுக்குச் சற்று மேல். அஞ்சலகத்தின் கிசான் விகாஸ் பத்திரத்தில் 7.5 சதவீத வட்டிக்கு 115 மாதத்தில் இரட்டிப்பு என்று போட்டிருப்பதும் இதே கணக்குதான். 72ஐ 7.5ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு, அதாவது 115 மாதம்.

முன்கூட்டியே தொடங்குவது ஏன் முக்கியம் என்பதற்கான விடை இந்த அட்டவணையின் கடைசி வரியில் இருக்கிறது. பத்தாண்டு தாமதமாகத் தொடங்குபவர் தன் முதல் பத்தாண்டை இழப்பதாக நினைக்கிறார். அவர் இழப்பது கடைசிப் பத்தாண்டை, தொகை மிகப் பெரிதாக இருக்கும்போது நடக்கும் அந்த இரட்டிப்பை. 30ஆம் ஆண்டு வரை வருவார், 40ஆம் ஆண்டுக்கு வர மாட்டார்.

அக்காவும் தம்பியும்

பெரும்பாலோர் ஒரே தொகையாகப் போடுவதில்லை, ஆண்டுதோறும் கொஞ்சம் போடுவார்கள். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் அக்கா 25 வயதில் தொடங்கி, ஒவ்வொரு ஏப்ரல் தொடக்கத்திலும் 60,000 ரூபாய் (மாதம் 5,000 என்ற கணக்கில்) பிபிஎஃப் கணக்கில் போடுகிறார். பத்து ஆண்டு போட்டபின் நிறுத்திவிடுகிறார். தம்பி 35 வயதில் தொடங்கி, அதே 60,000 ரூபாயை 60 வயது வரை 25 ஆண்டு போடுகிறார்.

அக்கா போட்டது மொத்தம் 6 லட்சம். 35 வயதில் அவர் கணக்கில் 8,92,050 ரூபாய் இருக்கும். அதன்பின் 25 ஆண்டுகளில் அது ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகி, 60 வயதில் 49.56 லட்சம் ஆகும். தம்பி போட்டது 15 லட்சம். 60 வயதில் அவர் கணக்கில் இருப்பது 41.23 லட்சம். இரண்டரை மடங்கு பணம் போட்டும் அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. எட்டிப் பிடிக்க வேண்டுமானால் அவர் 25 ஆண்டும் ஆண்டுக்கு 72,118 ரூபாய் போட்டிருக்க வேண்டும்.

(பிபிஎஃப் விதிப்படி முதல் 15 ஆண்டு ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாயாவது போட்டாக வேண்டும், இல்லையென்றால் கணக்கு முடங்கும். ஆகவே அக்கா நிறுத்தினாலும் அந்த ஐந்து ஆண்டுக்கு 500 ரூபாய் வீதம் கட்டுவார். அதன்பின் எதுவும் போடாமலே கணக்கு வட்டியுடன் தொடரும். மொத்தக் கணக்கில் அந்த 500கள் பெரிதாக எதையும் மாற்றாது.)

அக்கா நிறுத்தாமல் 60 வயது வரை போட்டிருந்தால் 90.79 லட்சம் கிடைக்கும். இது 49.56ஐயும் 41.23ஐயும் கூட்டி வந்த தொகைதான். முதல் பத்து ஆண்டுப் பணம் ஒரு பங்கு, அடுத்த 25 ஆண்டுப் பணம் இன்னொரு பங்கு, முதல் பங்கே பெரிது. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், 25 வயதில் போட்ட முதல் 60,000 ரூபாய் மட்டும் 60 வயதில் 6,61,885 ரூபாயாக நிற்கிறது. 52 வயதிலிருந்து 59 வயது வரை போட்ட கடைசி எட்டுத் தவணைகளையும் சேர்த்தால் 6,61,674. அந்த ஒரே ஒரு முதல் தவணை, கடைசி எட்டுத் தவணைகளுக்குச் சமம்.

அதே 90.79 லட்சத்தை 60 வயதில் எட்ட, 35 வயதில் தொடங்குபவர் ஆண்டுக்கு 1,32,118 ரூபாய் போட வேண்டும். 45 வயதில் தொடங்குபவருக்கு 3,34,759 ரூபாய் வேண்டும், மாதத்துக்கு ஏறத்தாழ 28,000. அவரால் அதைப் பிபிஎஃப்பில் போடவே முடியாது, ஏனென்றால் ஆண்டு உச்சவரம்பு 1.5 லட்சம். அந்த உச்சவரம்பை 15 ஆண்டும் முழுமையாகப் போட்டாலும் 40.68 லட்சத்தில் நின்றுவிடும்.

உங்கள் தொகைக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்பினால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்தில் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
=FV(7.1%, 35, -60000, 0, 1)
```

அடைப்புக்குறிக்குள் இருப்பவை வரிசையாக ஆண்டு வட்டி, எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு, ஏற்கெனவே உள்ள இருப்பு, பணம் ஆண்டுத் தொடக்கத்தில் போடப்படுகிறதா என்பது. கடைசி எண் 1 என்றால் ஆண்டுத் தொடக்கம், 0 என்றால் ஆண்டு முடிவு. போடும் தொகைக்கு முன் கழித்தல் குறி அவசியம். அது இல்லாவிட்டால் விடை கழித்தல் குறியோடு வரும்.

ஐந்தாம் தேதி

அந்தக் கடைசி எண்ணை 1லிருந்து 0 ஆக்கிப் பார்த்தால் 90.79 லட்சம் 84.77 லட்சமாகக் குறைவதைக் காணலாம். 6 லட்சம் குறைகிறது. ஆண்டுகளின் எண்ணிக்கை அதே, தொகையும் அதே. ஒவ்வொரு தவணையும் ஓராண்டு வட்டியை இழந்ததுதான் காரணம். வரிவிலக்குக்காக மார்ச் கடைசி வாரத்தில் ஓடிப் போய்ப் பணம் கட்டுபவர்களின் நிலை இதுதான். அதே பணத்தை அந்த நிதியாண்டின் தொடக்கத்திலேயே, ஏப்ரல் முதல் வாரத்தில், கட்டியிருக்கலாம்.

பிபிஎஃப்பில் வட்டி மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது, ஆனால் ஆண்டு முடிவில்தான் வரவு வைக்கப்படுகிறது. ஒரு மாதத்தின் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் பணம் ஏறிவிட்டால் 12 மாத வட்டி முழுதாகக் கிடைக்கும். 6ஆம் தேதி ஏறினால் ஏப்ரல் மாதத்துக்கு அந்தப் பணம் இல்லாததாகவே கருதப்படும். 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 355 ரூபாய். ஒருமுறை என்றால் போகட்டும். 35 ஆண்டும் இப்படி ஒரு நாள் தாமதமாகவே கட்டினால், அந்த 355களும் அவை ஈட்டியிருக்கக்கூடிய வட்டியும் சேர்ந்து 60 வயதில் ஏறத்தாழ 50,000 ரூபாய் குறைந்திருக்கும்.

ஏப்ரலில் 60,000 ரூபாயை மொத்தமாகப் புரட்ட முடியாதவர்கள்தான் அதிகம். மாதம் 5,000 வீதம் 5ஆம் தேதிக்குள் கட்டி வந்தால் 88.03 லட்சம் கிடைக்கும். மார்ச் வரை சேர்த்து வைத்துக் கட்டுவதைவிட இது 3 லட்சத்துக்கு மேல் நல்லது. சம்பளம் 1ஆம் தேதி வருபவர்கள் 2 அல்லது 3ஆம் தேதிக்குத் தானியங்கிப் பணப் பரிமாற்றத்தை அமைத்துவிடலாம். 4ஆம், 5ஆம் தேதிகளில் வைத்தால், விடுமுறை குறுக்கிடும் மாதத்தில் பணம் 5ஆம் தேதிக்குப் பின் ஏறிவிடலாம். பாஸ்புக்கில் வரவு வைத்த தேதி என்ன என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

15 ஆண்டு முடியும்போது இன்னொரு தவறு நடக்கிறது. தொடர்ந்து பணம் போட்டு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க விரும்பினால், முதிர்வு நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதற்கான படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் விட்டால் பழைய இருப்புக்கு வட்டி வந்துகொண்டிருக்கும், ஆனால் புதிதாகப் பணம் போட முடியாது. அக்காவின் 35 ஆண்டுக் கணக்குக்கு இப்படி நான்கு முறை படிவம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இடையில் எடுத்தால்

ஏழாம் நிதியாண்டிலிருந்து பிபிஎஃப்பில் ஒரு பகுதியை எடுக்கலாம். அவசரத்துக்கு எடுப்பது தவறில்லை, அதற்குத்தான் அந்த வசதி. ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்பதை எடுக்கும் நாளின் மதிப்பில் மட்டும் பார்க்கக் கூடாது. அக்கா 35 வயதில் தன் 8.92 லட்சத்திலிருந்து 2 லட்சம் எடுத்து வண்டி வாங்கினால், 60 வயதில் அவர் கணக்கில் குறைவது 2 லட்சம் அல்ல, 11.11 லட்சம். அந்த 2 லட்சம் இன்னும் 25 ஆண்டு பெருகியிருக்க வேண்டியது. 58 வயதில் அதே 2 லட்சத்தை எடுத்தால் 60 வயதில் குறைவது 2.3 லட்சத்துக்குள்தான். ஆகவே இளம் வயதுச் சேமிப்பைக் காக்க எளிய வழி, நான்கைந்து மாதச் செலவுக்கான பணத்தை வேறு சேமிப்புக் கணக்கில் தனியாக வைத்திருப்பது. அதற்குக் குறைந்த வட்டிதான் வரும். அது வட்டிக்காக அங்கே இல்லை, பெரிய கணக்கில் கை வைக்காமல் இருப்பதற்காக இருக்கிறது.

விலைவாசியும் கூட்டு வட்டியில்தான் ஏறுகிறது

இந்த இடத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அக்கா, தம்பி கணக்கைக் காட்டி நிதித் திட்டம் விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், இன்று 100 ரூபாய்க்கு வாங்குவது 35 ஆண்டு கழித்து 552 ரூபாய். இதுவும் பெருக்கல்தான், கூட்டல் இல்லை. அப்படியானால் அக்காவின் 90.79 லட்சம் இன்றைய விலையில் 16.46 லட்சத்துக்குச் சமம். 7.1 சதவீத வட்டியில் விலைவாசி 5 சதவீதத்தை விழுங்கிவிட்டால் உண்மையில் வளர்வது ஆண்டுக்கு 2 சதவீதம்தான்.

முன்பு தம்பி அக்காவை எட்டிப் பிடிக்க முடியவில்லை என்றோம். அந்தக் கணக்கில் ஒரு மறைவான அனுமானம் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்துத் தொடங்கும் தம்பியும் அதே 60,000 ரூபாயைத்தான் போடுகிறார். ஆனால் அதற்குள் சம்பளமும் விலையும் ஏறியிருக்கும், அவருடைய 60,000 அக்காவின் 60,000 அளவுக்குச் சுமையானது அல்ல. இருவரும் விலைவாசிக்கு ஏற்பத் தவணையை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போனால், இன்றைய விலையில் பத்து ஆண்டு மட்டும் போட்ட அக்காவுக்கு 10.99 லட்சமும், 25 ஆண்டு போட்ட தம்பிக்கு 19.60 லட்சமும் கிடைக்கும். தம்பி முந்திவிடுகிறார்.

அப்படியானால் முன்கூட்டியே தொடங்குவதில் பலனில்லையா? பலன் உண்டு, ஆனால் மாயம் போல அல்ல. இன்றைய விலையில் அக்கா போட்ட ஒவ்வொரு ரூபாயும் 1 ரூபாய் 83 காசாகிறது, தம்பியின் ஒவ்வொரு ரூபாயும் 1 ரூபாய் 31 காசாகிறது. காலத்தின் சாதகம் இருக்கிறது, ஆனால் "பத்து ஆண்டு போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்" என்று அக்கா முடிவெடுத்தால் ஏமாறுவார். அவர் சீக்கிரமும் தொடங்க வேண்டும், தொடரவும் வேண்டும், சம்பளம் ஏறும்போதெல்லாம் தவணையை ஏற்றவும் வேண்டும். 35 ஆண்டும் ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்திப் போட்டால் இன்றைய விலையில் 30.60 லட்சம் வரும். உயர்த்தாமல் போட்டபோது வந்தது 16.46 லட்சம். இருபதாவது தவணையில் 1.5 லட்சம் உச்சவரம்பைத் தாண்டும் என்பதால், அதற்குமேல் உள்ளதை வேறு இடத்தில் போட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, 7.1 என்பது 35 ஆண்டுக்கும் எழுதிக் கொடுத்த விகிதம் அல்ல. சிறுசேமிப்பு வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை பரிசீலித்து அறிவிக்கிறது. 1986லிருந்து 2000 தொடக்கம் வரை பிபிஎஃப் 12 சதவீதம் கொடுத்தது. ஏற்றமும் இறக்கமும் இருக்கும். ஆகவே இங்கே உள்ள தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்துங்கள், 60ஆம் வயதில் இத்தனை லட்சம் உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையில் புரோநோட்டுக் கடன் இருந்தால்

தொடக்கத்தில் பார்த்த இரண்டு வட்டிக் கடன் ஒருவருக்கு இருக்கிறது, கையில் 60,000 ரூபாயும் இருக்கிறது என்றால் எங்கே போடுவது? பிபிஎஃப்பில் போட்டால் ஓராண்டில் 4,260 ரூபாய் சேரும். கடனில் கட்டினால் ஓராண்டில் 14,400 ரூபாய் வட்டி மிச்சமாகும். அக்காவின் கணக்கைப் பார்த்துவிட்டு "சீக்கிரம் தொடங்க வேண்டும்" என்று கடனை அப்படியே விட்டுச் சேமிக்கத் தொடங்குவது ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயை இழப்பதாகும். பிபிஎஃப் கணக்கை 500 ரூபாயில் திறந்து 15 ஆண்டுக் கெடுவை மட்டும் ஓடவிட்டுவிட்டு, மீதி முழுவதையும் கடனில் கட்டுவது சரி.

கட்டும்போது அந்தப் பணம் அசலில் கழிக்கப்பட்டது என்று நோட்டின் பின்புறம் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நிலுவை வட்டியையாவது முழுதாகத் தீர்த்துவிட வேண்டும். புது நோட்டு எழுதியே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கடன் தொகை என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய அசல் மட்டும் இருந்தால் அது இன்னும் தனி வட்டிக் கடன். ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், அந்த ரூபாய்க்கு இனி வட்டி ஓடும்.